“இன்னும் கொஞ்ச நேரம்தானே”: சீனி வருத்தம் உள்ளவர் நோன்பை எப்போது விட வேண்டும்?





ரமழான் மாதத்தில் சோனகத் தெருவிலோ ஐந்து சந்திப் பக்கமோ அஸருக்குப் பிறகு யாரைக் கண்டு சுகம் கேட்டாலும் மூன்று விஷயம்தான் சொல்லுவார்கள். தலையிடி, களைப்பு, தாகம். கேட்டவரும் ஒரே பதிலைத்தான் சொல்லுவார்: “இன்னும் கொஞ்ச நேரம்தானே, பாங்கு சொல்லிடும்.” ஆரோக்கியமான ஒருவருக்கு அந்தப் பதில் போதும். சீனி வருத்தம் உள்ள ஒருவருக்கு அந்தப் பதில் சில நேரம் ஆபத்தானது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்தான் அவர் மயங்கி விழுவார்.

நாம் வைத்தியர் அல்லர், பாடசாலை ஆசிரியர். இங்கே சொல்லும் அளவுகள் எமது கற்பனை அல்ல. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனமும், நீரிழிவும் ரமழானும் பற்றி ஆராயும் சர்வதேச வைத்தியர் கூட்டமைப்பும் சேர்ந்து 2016இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டு, 2021இல் அதைப் புதுப்பித்தன. அந்த வழிகாட்டியில் உள்ள அளவுகள்தான் இவை. அவற்றோடு எமது கருத்தையும் சேர்த்துச் சொல்கிறோம். சீனி வருத்தக்காரர் நோன்பைத் தொடர்வதா விடுவதா என்பதை அவருடைய மனவுறுதி தீர்மானிக்கக் கூடாது, மணிக்கூடும் தீர்மானிக்கக் கூடாது. விரல் நுனியில் எடுக்கும் ஒரு சொட்டு இரத்தம் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் இந்த மூன்று முறைப்பாடுகளையும் பிரித்துப் பார்ப்போம். பெயர் ஒன்றாக இருந்தாலும் காரணம் ஒன்றல்ல.

தலையிடியை எடுப்போம். நோன்பின் முதல் இரண்டு மூன்று நாட்களில் வரும் தலையிடிக்குப் பெரும்பாலும் தேத்தண்ணிதான் காரணம். நாளுக்கு ஐந்தாறு தரம் பிளேன்டீ குடித்துப் பழகிய உடம்புக்குத் திடீரென்று பகல் முழுக்கத் தேயிலை இல்லாமல் போனால், கடைசியாகக் குடித்து 12 மணித்தியாலத்துக்குப் பிறகு மந்தமான தலையிடி தொடங்கும். சில நாட்களில் உடம்பு பழகியதும் போய்விடும். ரமழானுக்கு ஒரு கிழமைக்கு முன்பே தேத்தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பவருக்கு இந்தத் தலையிடி குறைவு. தண்ணீர் போதாமல் வரும் தலையிடி வேறு. அதோடு வாய் காயும், சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாகப் போகும், எழும்பும்போது தலை சுற்றும். தராவீஹ் முடிந்து பிந்திப் படுத்து ஸஹருக்கு எழும்பினால் நித்திரைக் குறைவாலும் தலை இடிக்கும். இவை மூன்றும் யாருக்கும் வரலாம். நான்காவது ஒன்று உண்டு, அது இரத்தத்தில் சீனி இறங்கிப் போவதால் வரும் தலையிடி. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர் முதலில் நினைக்க வேண்டியது இந்த நான்காவதைத்தான். மற்ற மூன்றும் மஃரிப் வரை காத்திருக்கும். இது காத்திருக்காது.

களைப்பும் அப்படித்தான். சாதாரண நோன்புக் களைப்பு மெதுவாக வரும், கொஞ்சம் சாய்ந்து படுத்தால் குறையும். சீனி இறங்கி வரும் களைப்பு வேகமாக வரும். கை நடுங்கும், குளிர்ந்த வியர்வை கொட்டும், நெஞ்சு படபடக்கும், பசி வயிற்றைப் பிடுங்கும், கண் மங்கும். அதற்கும் பிறகு பேச்சுக் குழறும், காரணமில்லாமல் கோபம் வரும், கேட்ட கேள்விக்குப் பொருத்தமில்லாத பதில் வரும். வீட்டில் இருப்பவர்கள் “நோன்பு வைத்தால் வாப்பாவுக்குக் கோபம் கூட” என்று சொல்லிச் சிரிப்பதுண்டு. வழக்கமாக அமைதியான மனிதர் அஸருக்குப் பிறகு திடீரென்று எரிந்து விழுந்தால் சிரிக்க வேண்டாம். மிஷினை எடுத்து விரலில் குத்திப் பாருங்கள். மூளைக்குச் சீனி போதாமல் போவதன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

இந்த அடையாளங்கள் எல்லோருக்கும் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல வருடங்களாகச் சீனி வருத்தம் உள்ளவருக்கு உடம்பு எச்சரிக்கை தருவதை மெல்ல மெல்ல மறந்துவிடும். இருதயத்துக்கோ பிரஷருக்கோ அட்டெனொலோல் போன்ற மருந்து எடுப்பவருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் மறைந்துபோகும், வியர்வை மட்டும் மிஞ்சும். ஆகவே “எனக்கு ஒன்றும் செய்யவில்லை, நான் நல்லாத்தான் இருக்கிறேன்” என்ற சொல்லை அப்படியே நம்ப முடியாது. 60க்கு இறங்கிய பிறகும் நல்லாத்தான் இருக்கிறேன் என்று சொல்பவர்கள் உண்டு.

தாகத்துக்கு வருவோம். எமது குடாநாட்டுப் பங்குனி வெயிலில், 13 மணித்தியாலத்துக்கு மேல் தண்ணீர் இல்லாமல் இருக்கும்போது தாகம் எடுப்பது இயல்பு. ஆனால் தாகத்திலும் இரண்டு உண்டு, அதைப் பிரித்தறிய ஒரு இலகுவான வழியும் உண்டு. தண்ணீர் குடிக்காததால் தாகம் என்றால் சிறுநீர் குறையும். சீனி ஏறியதால் தாகம் என்றால் தாகமும் இருக்கும், சிறுநீரும் அடிக்கடி போகும். இரத்தத்தில் சீனி ஏறத்தாழ 180ஐத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதைப் பிடித்து வைக்க முடியாது, சீனி சிறுநீரில் வழியத் தொடங்கும். வழியும்போது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். குடிக்காமல் இருக்கும் ஒருவர் பகலில் நாலைந்து தரம் சிறுநீர் கழிக்கப் போகிறார், அப்படியும் நாக்கு ஒட்டுகிறது என்றால், அது நோன்பின் தாகம் அல்ல. சீனி ஏறிக் கிடக்கிறது.

பகலில் சாப்பிடாதவருக்குச் சீனி எப்படி ஏறும் என்று பலர் கேட்பார்கள். பகலின் சீனி முந்திய இரவில் இருக்கிறது. நோன்பு திறக்கும்போது ஐந்தாறு பேரீச்சம்பழம், இரண்டு கிளாஸ் சர்பத், கஞ்சி, ரோல்ஸ், சமோசா. தராவீஹ் முடிந்து புட்டோ கொத்துரொட்டியோ, கடைசியில் வட்டிலப்பம். இதோடு “நோன்புதானே” என்று மாத்திரையையும் ஒரு நேரம் விட்டிருந்தால், அந்த மனிதர் நோன்பைத் தொடங்கும்போதே சீனி கூடியபடிதான் தொடங்குகிறார். விடிய விடியச் சிறுநீர் போய், பகல் பத்து மணிக்கே உடம்பு வறண்டுவிடும்.

ஆக, ஒரே மனிதருக்கு ஒரே “ஏலாமை” சீனி இறங்கியும் வரலாம், ஏறியும் வரலாம். இரண்டுக்கும் செய்ய வேண்டியது நேரெதிர். ஒன்றுக்குச் சீனி கொடுக்க வேண்டும், மற்றதற்குச் சீனி கொடுத்தால் இன்னும் கெடும். முகத்தைப் பார்த்தோ நாடியைப் பிடித்தோ நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதனால்தான் மிஷின் வேண்டும் என்கிறோம்.

இனி அளவுகள். மூன்றை மட்டும் மனதில் வையுங்கள்.

70க்குக் கீழே போனால் நோன்பை உடனே விட வேண்டும். ஸஹர் முடிந்து ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தாலும் சரி, மஃரிபுக்குப் பத்து நிமிடம் இருந்தாலும் சரி.

300க்கு மேலே போனாலும் நோன்பை விட வேண்டும்.

70க்கும் 90க்கும் இடையில் இருந்தால், நோன்பைத் தொடரலாம். ஆனால் வேலையை நிறுத்தி இருந்துகொண்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும்.

நான்காவதாக, இலக்கம் இல்லாத ஒரு விதியும் உண்டு. மிஷின் என்ன காட்டினாலும், சீனி இறங்கிய அடையாளமோ, சீனி ஏறிய அடையாளமோ, உடம்பு வறண்ட அடையாளமோ தெளிவாகத் தெரிந்தால், அல்லது காய்ச்சல், வயிற்றோட்டம், சத்தி போன்ற வேறு வருத்தம் வந்தால், நோன்பை விட வேண்டும்.

இதை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். வகுப்பில் கணக்குச் செய்து காட்டுவதுபோல, ஒரு மனிதரை நாமாகவே கற்பனை செய்துகொள்வோம்.

அவருக்கு வயது 60. கடை வைத்திருக்கிறார். கிளினிக் கொப்பியில் அவருக்குக் காலையும் இரவும் கிளிக்லசைட் 80 மில்லிகிராம், மூன்று நேரமும் மெட்போமின் 500 மில்லிகிராம் எழுதியிருக்கிறது. ரமழான் வந்ததும் யாரிடமும் கேட்காமல், காலை மாத்திரைகளை அப்படியே ஸஹருக்கு மாற்றிக்கொண்டார். ஸஹருக்குப் பசி இல்லை. ஒரு வாழைப்பழமும் தேத்தண்ணியும் எடுத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

இங்கேதான் பிழை தொடங்குகிறது. மெட்போமின் தனியாகச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் வகை மாத்திரைகள் அப்படி அல்ல. அவை கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும். வழக்கமான நாளில் காலையில் மாத்திரை போட்டதும் இடியப்பமோ பாணோ வயிற்றுக்குள் போகும், தள்ளிய இன்சுலினுக்கு வேலை இருக்கும். நோன்பு நாளில் ஒரு வாழைப்பழம் மட்டும்தான் போயிருக்கிறது. நோன்பாளியின் உடம்பு பகலில் இன்சுலினைக் குறைத்து, ஈரலில் சேமித்த சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செலவழிக்கும். இவருடைய மாத்திரை அதற்கு இடம் கொடுக்காமல் இன்சுலினைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. சேமிப்பும் பின்னேரமாகும்போது குறைந்துகொண்டு வருகிறது. அதனால்தான் ஆபத்து லுஹரை விட அஸருக்குப் பிறகு கூடுகிறது.

பகல் இரண்டு மணிக்குத் தலையிடி. நோன்புதானே என்று விட்டுவிட்டார். நாலே முக்காலுக்குக் கடையில் மிச்சக் காசு கொடுக்கும்போது கணக்குப் பிழைக்கிறது, வாங்க வந்தவரோடு சண்டை பிடிக்கிறார், சேர்ட் நனைந்து போயிருக்கிறது. மகன் வந்து விரலில் குத்திப் பார்க்கிறார். 61. மஃரிபுக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். நோன்பை அந்த நிமிடமே விட வேண்டும். அரைக் கிளாஸ் தண்ணீரில் மட்டமாக மூன்று நாலு தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும். இதில் ஏறத்தாழ 15 கிராம் சீனி இருக்கும். ரோல்ஸ், சொக்லட், தேங்காய்ப்பால் கஞ்சி இதற்கு உதவாது. எண்ணெயும் கொழுப்பும் சீனி இரத்தத்தில் சேர்வதைப் பிந்த வைக்கும். சீனிக்குப் பதிலாகப் போடும் இனிப்பு மாத்திரையும் உதவாது, அதில் சீனியே இல்லை. 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். 67 என்று காட்டுகிறது. இன்னும் 70 வரவில்லை, ஆகவே அதே அளவு சீனித் தண்ணீர் இன்னொரு தரம். அடுத்த 15 நிமிடத்தில் 96. இப்போது சோறோ பாணோ ஏதாவது ஒரு சாப்பாடு சாப்பிட வேண்டும். சீனித் தண்ணீரின் பலன் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

கதை இத்துடன் முடியவில்லை. அவர் விழுங்கிய மாத்திரை இன்னும் உடம்பில் இருக்கிறது. இந்த வகை மாத்திரையால் இறங்கிய சீனி, ஏற்றிய பிறகும் அதே இரவில் மறுபடி இறங்கக் கூடும். ஆகவே படுக்கப் போகுமுன் மறுபடி பார்க்க வேண்டும், அவரைத் தனியே விடக் கூடாது, இரவு மாத்திரையை டொக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது. இரண்டு தரம் சீனித் தண்ணீர் கொடுத்தும் ஏறாவிட்டால், அல்லது ஏறி மறுபடி இறங்கினால், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மருந்தின் அளவை டொக்டர் பார்த்துச் சரிசெய்யும்வரை அடுத்த நாள் நோன்பும் இல்லை.

அவர் அறிவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சீனித் தண்ணீர் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்துவிட்டு 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

இப்போது மற்றப் பக்கம். இன்சுலின் போடும் ஒரு உம்மம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். நோன்பில் ஊசி போடக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு நாளாக ஊசியை விட்டிருக்கிறார். பகல் 11 மணிக்குத் தாங்க முடியாத தாகம், அடிக்கடி சிறுநீர், உடம்பு பாரம். மிஷின் 318 காட்டுகிறது. இவரும் நோன்பை விட வேண்டும். ஆனால் பேரீச்சம்பழத்தாலும் சர்பத்தாலும் அல்ல, வெறும் தண்ணீரால் விட வேண்டும். தண்ணீர் தாராளமாகக் குடித்து, நிறுத்திய இன்சுலினைப் பற்றி அன்றே கிளினிக்கில் கேட்க வேண்டும். சத்தி, வயிற்று நோ, ஆழமான வேகமான மூச்சு, தூக்கக் கலக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி.

மிஷின் இல்லாத இடத்தில் என்ன செய்வது? நடுக்கமும் வியர்வையும் தடுமாற்றமும் இருந்தால், சீனி இறங்கியது என்றே எடுத்துக்கொண்டு சீனித் தண்ணீர் கொடுங்கள். ஏறியிருந்தவருக்கு அந்தச் சிறு அளவு சீனியால் வரும் கெடுதி குறைவு, இறங்கியிருந்தவருக்குக் கொடுக்காமல் விட்டால் உயிரே போகலாம்.

மிஷின் பாவிக்கும்போது இரண்டு விஷயம். பேரீச்சம்பழமோ வட்டிலப்பமோ பிசைந்த கையால் குத்தினால் விரலில் ஒட்டிய சீனியையும் மிஷின் சேர்த்துக் கணக்கெடுக்கும், இறங்கியிருப்பவருக்கும் கூடக் காட்டிவிடும். கையைக் கழுவி, துடைத்து, காய்ந்த பிறகு குத்துங்கள். பரிசோதனைப் பட்டிகளின் போத்தல் மூடியைத் திறந்தபடி வெக்கையில் வைத்தால் பட்டி கெட்டுவிடும். பட்டி விலை கூட என்பதால் அடிக்கடி பார்க்க வசதியில்லாதவர், அஸர் நேரத்திலும் நோன்பு திறந்து இரண்டு மணித்தியாலத்திலும் பார்த்தால் இரண்டு ஆபத்தையும் ஓரளவு பிடிக்கலாம். உடம்பு ஏதாவது செய்தால் அந்த நேரமும் பார்க்க வேண்டும். அந்த ஒரு பட்டியை மிச்சம் பிடிக்காதீர்கள்.

இனி எமது ஊரில் கேட்கும் மறுப்புகளுக்கு வருவோம்.

“விரலில் குத்தி இரத்தம் எடுத்தால் நோன்பு முறிந்துவிடும்” என்பது முதலாவது. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதும், உணவாகச் செலுத்தப்படாத ஊசி மருந்தும் நோன்பை முறிக்காது என்று தீர்மானித்திருக்கிறது. தோலுக்குக் கீழ் போடும் இன்சுலின் ஊசி இதற்குள் வரும். சந்தேகம் உள்ளவர் தனது மௌலவியிடம் ரமழானுக்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும். நோன்பு நாள் பின்னேரம், கை நடுங்கும்போது கேட்கும் கேள்வி அல்ல அது.

“இன்னும் பத்து நிமிடம்தானே” என்பது இரண்டாவது. 70க்குக் கீழே போன சீனி, ஒன்றும் சாப்பிடாமல் மருந்தும் உடம்பில் இருக்கும்போது எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து நிமிடத்தில் அது 65ஆகவும் இருக்கலாம், 45ஆகவும் இருக்கலாம். அந்தப் பத்து நிமிடத்தை மோட்டார் சைக்கிளில் கழிப்பவர்களும் உண்டு, மஃரிபுக்கு முன் வீடு போய்ச் சேரும் அவசரத்தில். கண் மங்கிய ஒருவர் கே.கே.எஸ். வீதியில் ஓட்டிக்கொண்டு வந்தால் ஆபத்து அவருக்கு மட்டும் அல்ல.

மூன்றாவது மறுப்பைச் சொல்ல முன் எமது மூத்தவர்களை மதிப்போடு நினைக்கிறோம். 1990 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் அடுத்த ரமழானைச் சந்தித்தவர்கள் அவர்கள். வீடும் கடையும் போன அந்த வருடமும் நோன்பை விடாதவர்கள். “அந்தக் காலத்திலேயே விடாத நோன்பை இப்போது வீட்டில் ஃபேனுக்குக் கீழே இருந்துகொண்டு விடுவதா?” என்று அவர்கள் கேட்கும்போது எமக்குச் சட்டென்று பதில் வருவதில்லை. ஆனால் அன்றைக்கு அவர்களுக்கு வயது முப்பது. சீனி வருத்தம் இல்லை, கணையத்தைப் பிழியும் மாத்திரை இல்லை. அன்றைய உறுதி இன்றும் அவர்களிடம் அப்படியே இருக்கிறது. அந்த உறுதியைத் தாங்கிய உடம்புதான் மாறியிருக்கிறது.

சூரத்துல் பகராவின் 184ஆம், 185ஆம் வசனங்கள் நோன்பைக் கடமையாக்கும் இடத்திலேயே நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கைத் தருகின்றன, விட்டதை வேறு நாட்களில் பிடிக்கவும் வழி சொல்கின்றன. கடமையும் சலுகையும் ஒரே இடத்தில், ஒரே மூச்சில் வருகின்றன. 61 காட்டும்போது நோன்பை விடுபவர் ஈமான் குறைந்தவர் அல்ல. தனக்கென்று இறக்கப்பட்ட சட்டத்தை நடைமுறைப்படுத்துபவர். அந்த ஒரு நாளைப் பிறகு, பகல் குளிரும் கார்த்திகை மார்கழியில், மருந்தையும் சரிசெய்துகொண்டு களாச் செய்யலாம். இனி நோன்பே பிடிக்க முடியாது என்று வைத்தியர் சொன்னவருக்குப் பித்யா இருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில் நாளொன்றுக்கு ஒரு முத்து அளவு உணவு, அதாவது ஏறத்தாழ 600 கிராம் அரிசி, ஏழைக்குக் கொடுக்க வேண்டும். யாருக்கு எது பொருந்தும் என்பதை மௌலவிமாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இது சில பேருக்கு மட்டும் வரும் பிரச்சினை என்றும் நினைக்க வேண்டாம். 2001இல் இந்தியா, பங்களாதேஷ், மலேசியா உட்பட 13 நாடுகளில் 12,243 சீனி வருத்தக்காரரைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேரளவில் குறைந்தது 15 நாளாவது நோன்பு பிடித்திருந்தார்கள். அவர்களிடையே ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குச் சீனி இறங்கியது, மற்ற மாதங்களோடு பார்க்கும்போது ரமழானில் ஏழு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. சீனி கடுமையாக ஏறியதும் ஐந்து மடங்கு கூடியிருந்தது. இவர்கள் நோன்பு பிடித்ததில் பிழை இல்லை. மருந்தை மாற்றாமல், சீனியைப் பார்க்காமல், விட வேண்டிய நேரத்தில் விடாமல் பிடித்ததில்தான் ஆபத்து இருந்தது.

சிலர் தொடங்கவே கூடாது. முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்கள், கடந்த மூன்று மாதத்துக்குள் சீனி கடுமையாக இறங்கியவர்கள், சீனி இறங்குவது தெரியாமலே இறங்குகிறவர்கள், இன்சுலின் எடுக்கும் கர்ப்பிணிகள், சிறுநீரகம் பாதித்து டயலிசிஸ் செய்பவர்கள் ஆகியோரை அந்த வழிகாட்டி அதிக ஆபத்துள்ளவர்களாக வைத்து, நோன்பு பிடிக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

ஆசிரியராக இங்கே ஒரு வார்த்தை. முதலாம் வகை நீரிழிவு சின்னப் பிள்ளைகளுக்கும் வரும். இன்சுலின் போடும் பிள்ளை, கூட்டாளிமார் எல்லோரும் நோன்பு என்பதால் வீட்டுக்கும் சொல்லாமல் நோன்போடு பள்ளிக்கூடம் வரக் கூடும். ஐந்தாம் பாடத்தில் மேசையில் தலை வைத்துக் கிடக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று எழுப்ப முன் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள், வியர்த்துக் குளிர்ந்திருக்கிறதா என்று. பெற்றோரும் பிள்ளையின் வருத்தத்தை வகுப்பாசிரியரிடம் மறைக்காதீர்கள். மறைத்தால், சீனித் தண்ணீர் கொடுக்க வேண்டிய ஆசிரியர் முகம் கழுவிவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவார்.

கடைசியாக எமது கருத்து. இந்த ஊரில் நோன்பாளிக்கு ஆபத்து மாத்திரையிலிருந்து மட்டும் வரவில்லை, எமது நாக்கிலிருந்தும் வருகிறது. பகலில் ஒருவர் கடைக்குப் பின்னால் நின்று தண்ணீர் குடிப்பதைக் கண்டால் அடுத்த நாளே பத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பலர் 61இலும் பாங்குக்குக் காத்திருக்கிறார்கள். அவருக்கு என்ன மிஷின் காட்டியது என்று எமக்குத் தெரியாது. தெரியாததைப் பற்றிப் பேசாமல் இருப்போம். பள்ளிவாசலில் தண்ணீர் வைக்கும் இடத்தில் ஒரு சீனிப் போத்தலும் ஒரு கரண்டியும் இருக்கட்டும். ஷஃபான் மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போய் ரமழானுக்கு மருந்தை மாற்றி எழுதி வாங்குங்கள் என்று ஒரு அறிவித்தல் சொல்லப்படட்டும். மருந்தை நாமாக நிறுத்தவும் வேண்டாம், நாமாக ஸஹருக்கு மாற்றவும் வேண்டாம்.

கந்தசஷ்டிக்கு விரதம் இருக்கும் எமது அயலவர்களுக்கும் இதே மாத்திரைதான், இதே மிஷின்தான். அவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இன்று பின்னேரம் வீட்டில் வாப்பாவோ உம்மாவோ “தலை இடிக்குது” என்று சொன்னால், “இன்னும் கொஞ்ச நேரம்தானே” என்று சொல்ல முன் விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் சீனித் தண்ணீர், 300க்கு மேலே என்றால் வெறும் தண்ணீர். இரண்டிலும் அன்றைய நோன்பு அத்தோடு முடிந்தது. அந்த நாளைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம்.

வல்ல அல்லாஹ் எமது நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.